கிரில் ஜன்னலில் டீலைட் வரிசை: ஆடாமல் நிற்க என்ன வழி?

குன்னூர் கலா

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே பழைய வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். கார்த்திகைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வாசலில் அகல் ஏற்றினால் எங்கள் ஊர்க் காற்றும் மஞ்சும் பத்து நிமிடம்கூட விடுவதில்லை. அதனால் போன வருடம் முன் அறை ஜன்னலில் டீலைட் வைத்தேன். வெளியே சாலையிலிருந்து பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் இரண்டு சிக்கல் வந்தது.

ஜாம் பாட்டில்களின் கழுத்தில் கட்டுக்கம்பி சுற்றி, கிரில் பட்டையில் தொங்கவிட்டேன். அறைக் கதவை யாராவது திறந்து மூடினால் போதும், ஒன்பது பாட்டிலும் ஊஞ்சல் மாதிரி ஆடின. மெழுகு உருகின பிறகு ஆடினதில் மூன்று திரி மூழ்கி அணைந்துவிட்டது. மற்றவற்றின் உள்பக்கம் எல்லாம் கரி.

இரண்டாவது, அன்று ராத்திரி ஜன்னல் கண்ணாடி ஒன்று டப்பென்று விரிசல் விட்டது. பாட்டில் ஆடிப்போய் இடித்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம்.

இந்த வருடம் ஆடாமல் உறுதியாக நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். வாடகை வீடு என்பதால் கிரில்லில் வெல்டிங் வைக்க முடியாது, ஓட்டையும் போடக் கூடாது. கிரில் அளவு: நெட்டுக்கு 12 எம்எம் சதுரக் கம்பி, 10 செ.மீ. இடைவெளியில். குறுக்கே மூன்று பட்டை, 40 செ.மீ.க்கு ஒன்று. கிரில்லுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவில் 8 செ.மீ. இருக்கிறது.

பிரபு_ஊட்டி

அக்கா, சுலபமான வழி காந்தம். கிரில் இரும்புதானே. சின்ன தகர டப்பாவின் பின்னால் நியோடிமியம் காந்தம் இரண்டு ஒட்டி, கம்பியில் அப்படியே பிடிக்க வைத்துவிடலாம். ஓட்டை வேண்டாம், வெல்டிங் வேண்டாம். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு நான்கு வைத்தோம், அசையவே இல்லை. காந்தத்தை டப்பாவில் ஒட்டுவதற்கு ஹாட் க்ளூ போதும்.

லலிதா மாமி

கலா, திரி அணைவதற்குக் காரணம் ஆட்டம் இல்லையம்மா. திரியை முதல் நாளே நல்லெண்ணெயில் ஊற வைக்க வேண்டும். பஞ்சுத் திரி இரண்டு சேர்த்து முறுக்கிப் போட்டால் காற்றுக்கும் நிற்கும். எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் அப்படித்தான்.

குன்னூர் கலா

மாமி, அகலுக்கு நீங்கள் சொல்வது சரிதான், வாசலில் வைக்கிற இரண்டு அகலுக்கு அப்படியே செய்கிறேன். ஜன்னலில் வைப்பது டீலைட், அலுமினியக் கிண்ணத்தில் வருகிற சின்ன மெழுகுவர்த்தி. அதில் திரியை நாம் மாற்ற முடியாது.

கிரில் மணி

கலா அம்மா, நான் மேட்டுப்பாளையத்தில் 26 வருடம் கிரில் பட்டறை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான். உங்கள் ஊருக்கு மேலே நிறைய ஜன்னல் செய்து ஏற்றியிருக்கிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடி. விரிசல் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் ஓடியிருந்தால் இடிபட்டது. அப்படி இல்லாமல் ஓரத்திலிருந்து, சட்டத்துக்குச் செங்குத்தாகக் கிளம்பி, கொஞ்ச தூரம் நேராகப் போய் அப்புறம் வளைந்திருந்தால் அது சூட்டில் விட்ட விரிசல்.

தம்பி பிரபு, காந்தம் பிடிக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். அதைத் தாண்டினால் பலம் குறைய ஆரம்பிக்கும், ஆறின பிறகும் முழுசாகத் திரும்பி வராது. ஹாட் க்ளூ அதற்கும் முன்னாலேயே இளகிவிடும். தகர டப்பாவில் டீலைட் எரியும்போது டப்பாவின் முதுகைத் தொட்டுப் பார்த்தீர்களா? நான்கு மணி நேரம் முழுசாக எரிய விட்டீர்களா, அல்லது ஒரு மணி நேரத்தில் அணைத்துவிட்டீர்களா?

பிரபு_ஊட்டி

முக்கால் மணி நேரம் இருக்கும் அண்ணா, அப்புறம் சாப்பிடப் போகும்போது அணைத்துவிட்டோம். முழுசாக விட்டதில்லை. டப்பாவின் முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை.

குன்னூர் கலா

மணி அண்ணா, போன வருடம் வீட்டுக்காரருக்கு அனுப்பிய படம் போனில் இருந்தது, இப்போது எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான். இடது ஓரத்தில் மக்கு வைத்த இடத்திலிருந்து இரண்டு விரல் அகலம் நேராக வந்து, அப்புறம் மேலே வளைந்து போயிருக்கிறது. நட்சத்திரம் எதுவும் இல்லை. அப்படியானால் பாட்டில் இடித்தது இல்லையா?

கிரில் மணி

இல்லை. பாட்டிலைக் கிரில்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில்தானே தொங்கவிட்டீர்கள்? அந்த 8 செ.மீ. சந்தில் ஜாம் பாட்டில் போனால் கண்ணாடியை ஒட்டித்தான் நிற்கும். சுடர் கண்ணாடியிலிருந்து மூன்று நான்கு செ.மீ. தூரத்தில் இருந்திருக்கும். வெளியே கார்த்திகை மாதக் குளிர், கண்ணாடியின் அந்தப் பக்கம் மஞ்சு நனைத்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு இடம் சூடேறி விரியப் பார்க்கும். சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே கிடக்கும். நடுப்பகுதி இழுக்க, வெட்டின ஓரத்தில் எங்கே சின்னச் சில்லு இருக்கிறதோ அங்கே விட்டுவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் இதே மாதிரி வைத்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். மேலே உங்கள் குளிரில்தான் இது அதிகம்.

அதனால் விளக்குக் கண்ணாடிப் பக்கம் வேண்டாம். கிரில்லுக்கு இந்தப் பக்கம், அறைப் பக்கம் வையுங்கள். வெளியிலிருந்து பார்க்கத் தெரியத்தான் செய்யும். கண்ணாடிக் கதவை மூடியே வையுங்கள், காற்றும் வராது. ஆனால் திரைச்சீலையைக் கட்டி வைத்தால் போதாது, கம்பியிலிருந்து கழற்றி மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இனி தாங்கி. தொங்குகிற எதுவும் ஆடும், அதற்கு மருந்து கிடையாது. தாங்கி மூன்று இடத்தில் கிரில்லைப் பிடித்திருக்க வேண்டும்: மேலே உட்காருவதற்கு ஒன்று, பின்னால் போகாமல் தடுக்க ஒன்று, கீழே அசையாமல் கட்ட ஒன்று. இதற்கு வெல்டிங்கே வேண்டாம்.

20 எம்எம் அகலம், 3 எம்எம் கனம் உள்ள இரும்புப் பட்டையை 23 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஒன்றரை செ.மீ. கீழே மடக்க வேண்டும். அடுத்த இரண்டரை செ.மீ. கிரில்லின் குறுக்குப் பட்டை மேல் படிந்து உட்காரும். அப்புறம் 12 செ.மீ. நேராகக் கீழே இறங்கும். கடைசி 7 செ.மீ. அறைப் பக்கம் நீட்டிக்கொண்டு தட்டு மாதிரி நிற்கும். வைஸில் பிடித்துச் சுத்தியால் தட்டினாலே வளையும், சூடு காட்ட வேண்டாம். உங்கள் குறுக்குப் பட்டை எத்தனை அகலம்?

குன்னூர் கலா

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 25 எம்எம் அகலம், கனம் 6. நெட்டுக் கம்பிகள் அதன் நடுவில் துளைத்துக்கொண்டு போகின்றன.

கிரில் மணி

சரியாகப் போய்விட்டது. ஆனால் இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம், பொறுமையாகப் படியுங்கள்.

குறுக்குப் பட்டை 25 எம்எம், அதன் நடுவில் போகிற கம்பி 12 எம்எம். மீதி 13. அதில் பாதி முன்பக்கம், அதாவது குறுக்குப் பட்டை கம்பியைவிட ஆறரை எம்எம் உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் தாங்கி மேலே குறுக்குப் பட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு இறங்கும். கீழே கம்பிக்கும் அதற்கும் நடுவில் ஆறரை எம்எம் சந்து. அப்படியே விட்டால் ஆடும். இறுக்கிக் கம்பியோடு கட்டினால் கீழ்ப்பக்கம் உள்ளே போய், தட்டு சாய்ந்துவிடும்.

அந்தச் சந்துக்கு ஒரு 8 எம்எம் நட் போதும். அதன் கனம் ஆறரை எம்எம், அளவெடுத்த மாதிரி இருக்கும். தாங்கி கீழே மடங்குகிற இடத்துக்கு இரண்டு செ.மீ. மேலே 8 எம்எம் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள் (தாங்கியில்தான், கிரில்லில் இல்லை). அதன் பின்னால் நட்டைப் படுக்க வைத்து, கட்டுக்கம்பியை நெட்டுக் கம்பிக்குப் பின்பக்கமாகச் சுற்றி, இரண்டு முனையையும் நட் வழியாகவும் ஓட்டை வழியாகவும் முன்னால் இழுங்கள். ஓட்டைக்குக் குறுக்கே ஒரு ஆணித் துண்டை வைத்து, அதன் மேல் முறுக்குங்கள். முறுக்க முறுக்கப் பட்டை, நட், கம்பி மூன்றும் ஒன்றாகிவிடும். கழற்றும்போது ஒரு வெட்டு வெட்டினால் கிரில்லில் ஒரு கீறல்கூட இருக்காது.

ஹட்டிக்காரன்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் பழைய வீட்டுத் திண்ணைச் சுவரில் மூன்று மாடக்குழி இருக்கிறது. கிரில் இல்லை, ஆனால் என்னுடைய பிரச்சினையும் இதுதான், அதனால் இங்கேயே கேட்கிறேன்.

மாடத்தின் அடித்தளம் வெளியே பார்த்துச் சரிந்திருக்கிறது. எண்ணெய் வழிந்தால் வெளியே போகட்டும் என்று அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்களோ என்னவோ. மட்டப்பலகை வைத்துப் பார்த்தால், 20 செ.மீ. ஆழத்துக்கு 8 எம்எம் இறக்கம். டீலைட் விழவில்லை, வழியவும் இல்லை. ஆனால் பாதி எரிந்ததும் சுடர் ஒரு ஓரத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பக்கக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கீழே வரை பிளந்துவிட்டது.

சமன் செய்ய ஒரு பித்தளைத் தட்டில் மணலைப் பரப்பி அதன் மேல் வைத்தேன். சாய்வு போனது. ஆனால் இப்போது மெழுகு ஓரம் வரை உருகவே மாட்டேன் என்கிறது. நடுவில் குழி பறித்த மாதிரி உருகி, திரி அதிலேயே மூழ்கி அணைகிறது. காற்றும் இல்லை. ஏன்?

கிரில் மணி

சுடர் ஓரத்துக்குப் போனதன் காரணம் எனக்குத் தெரியும். டீலைட்டில் திரியின் அடியில் ஒரு சின்னத் தகர வட்டம் இருக்கும். மெழுகு கெட்டியாக இருக்கும்வரை அது நகராது. முழுக்க உருகின பிறகு சும்மா மிதக்கிற மாதிரிதான், சாய்ந்த பக்கம் வழுக்கிப் போய்விடும். உங்கள் கணக்குப்படி கிண்ணத்தின் 38 எம்எம் அகலத்துக்கு ஒன்றரை எம்எம் சாய்வு வருகிறது. அது போதும்.

மணல் விஷயம் எனக்குத் தெரியவில்லை. உருக வேண்டியது ஏன் உருகவில்லை என்று யாராவது சொல்லுங்கள்.

மெழுகு வள்ளி

நான் கொடைக்கானலில் வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். இது எனக்குத் தினமும் நடப்பது.

ஹட்டிக்காரரே, மணல் எங்கிருந்து எடுத்தீர்கள்? ஈரமாக இருந்ததா?

ஹட்டிக்காரன்

வீட்டுப் பின்னால் கட்டட வேலைக்குக் கொட்டியது. மேலே காய்ந்திருந்தது, கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும்.

மெழுகு வள்ளி

அதுதான். டீலைட் சாதாரண மெழுகுவர்த்தி மாதிரி இல்லை. சுடரின் சூட்டை அலுமினியக் கிண்ணம் ஓரம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும், உள்ளே இருப்பது முழுசும் தண்ணீர் மாதிரி உருக வேண்டும், அப்போதுதான் கடைசிச் சொட்டு வரை எரியும். ஈர மணல் அந்தச் சூட்டைக் கீழே உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. குளிர்ந்த கல்லில் நேரடியாக வைத்தாலும் இதேதான். நம் ஊர்களில் டிசம்பர் ராத்திரியில் கருங்கல் எப்படி இருக்கும் என்று தெரியுமே.

மணலைச் சலித்து, பழைய இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் கால் மணி நேரம் வறுத்து ஆற வையுங்கள். கையிலிருந்து ஒட்டாமல் உதிர வேண்டும். அதை இரண்டு செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். ஏற்றுவதற்குச் சற்று முன்னால் பரப்பினால் போதும், காலையிலேயே பரப்பினால் மஞ்சு ஏறிவிடும். மணல் மேல் ஒரு ஓட்டுத் துண்டு, அதன் மேல் கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் டீலைட். ஓடு சூட்டை அவ்வளவு சீக்கிரம் கீழே விடாது.

சமமாக இருக்கிறதா என்று பார்க்க என் வழி: எரிந்து முடிந்த டீலைட்டின் காலிக் கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி அந்த இடத்தில் வையுங்கள். தண்ணீர் விளிம்பு சுற்றிலும் ஒரே உயரத்தில் நின்றால் சரி. அரை எம்எம் வித்தியாசம்கூட கண்ணுக்குத் தெரியும். கலா, நீங்களும் தாங்கியில் இதையே செய்து பாருங்கள். பார்த்த பிறகு கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், மெழுகு எரியும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருக்கக் கூடாது.

பிரபு_ஊட்டி

ஒரு மாடத்தில் ஐந்து ஆறு டீலைட் நெருக்கமாக வைத்தால் சூடு சேரும்தானே? அப்போது ஈர மணலானாலும் உருகிவிடும். நிறைவாகவும் இருக்கும்.

மெழுகு வள்ளி

சூடு சேரும், அது உண்மை. அதுதான் பயமும். சின்ன மாடத்தில் நெருக்கி வைத்தால் மேலே கூரை மாதிரி மூடியிருப்பதால் சூடு வெளியே போக வழியில்லை. மெழுகு அளவுக்கு மீறிச் சூடானால் திரியில் மட்டும் இல்லாமல் கிண்ணத்தின் மேல்பரப்பு முழுசும் பற்றிக்கொள்ளும். எனக்கு ஒரு தடவை மேசையில் ஆறு டீலைட்டை ஒட்டி ஒட்டி வைத்து அப்படி ஆகியிருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குச் சுடர் எழும்பியது. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் எரிகிற மெழுகு நாலா பக்கமும் தெறிக்கும். நான் குழம்புச் சட்டியின் மூடியைப் போட்டு மூடினேன், அணைந்தது. ஒரு மாடத்துக்கு ஒன்று, பெரிய மாடமானால் 10 செ.மீ. தள்ளி இரண்டு. அதற்கு மேல் வைக்காதீர்கள்.

ஹட்டிக்காரன்

மணலை வறுத்துப் பார்த்தேன். நேற்று ஏற்றியதில் மூன்றும் அடிவரை எரிந்தன. சுடர் நடுவிலேயே நின்றது. மாடத்தின் மேல் கரி மட்டும் படிகிறது, சுண்ணாம்பு அடித்த சுவர். சுடரைப் பின்சுவருக்குத் தள்ளினால் பின்சுவரில் படிகிறது, முன்னால் இழுத்தால் காற்றில் ஆடி இன்னும் அதிகமாகப் படிகிறது.

மெழுகு வள்ளி

திரி எவ்வளவு நீளம் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து ஆறு எம்எம்முக்கு மேல் இருந்தால் ஏற்றுவதற்கு முன் நறுக்கிவிடுங்கள். நீளத் திரி கரி கக்கும். மீதிக் கரிக்கு எனக்கும் வழி கிடைக்கவில்லை, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போதுதான் போகும்.

குன்னூர் கலா

மணி அண்ணா, ஒன்பது தாங்கி செய்தாகிவிட்டது. கடைவீதியில் ஒரு பட்டறையில் வெட்டி வளைத்து ஓட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். 8 எம்எம் நட் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. கையால் பிடித்து ஆட்டினாலும் கிரில்லோடு சேர்ந்துதான் அசைகிறது.

தட்டு 20 எம்எம் அகலம்தானே, அதில் கண்ணாடி டம்ளர் நிற்காது என்று ஜாம் பாட்டில் மூடியை மல்லாக்க வைத்து ஒரு திருகாணி போட்டு முடுக்கினேன். மூடிக்குள் இருந்த ரப்பர் மாதிரி வளையத்தை உரித்து எடுத்துவிட்டேன். ஆனால் ஆணியின் தலை நடுவில் துருத்திக்கொண்டிருப்பதால் டம்ளர் அதன் மேல் ஏறி ஆடுகிறது. இவ்வளவு செய்து கடைசியில் இங்கே வந்து ஆடுகிறது.

கிரில் மணி

ஹட்டிக்காரருக்கு வள்ளி அம்மா சொன்ன வறுத்த மணல் இருக்கிறதே, அதையே மூடிக்குள் ஆணித் தலை மறையும் வரை போட்டு, டம்ளரை அழுத்தித் திருப்பித் திருப்பி உட்கார வையுங்கள். அடி கனமான டம்ளராக இருக்கட்டும். அப்புறம் தண்ணீர்க் கிண்ணம் வைத்துச் சமம் பாருங்கள். தட்டு முன்பக்கம் இறங்கியிருந்தால் கையாலேயே கொஞ்சம் மேலே நெம்பலாம், 3 எம்எம் பட்டைதான்.

இன்னொன்று. மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒரே கம்பியில் நேருக்கு நேர் வைக்காதீர்கள். கீழே இருக்கும் சுடரின் சூடு நேராக மேலே ஏறும், மேல் தாங்கியின் அடி கொதிக்கும். ஒரு வரிசைக்கு மூன்று, கம்பி விட்டுக் கம்பி மாற்றி வையுங்கள்.

குன்னூர் கலா

கார்த்திகை முடிந்தது, எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

சாயந்திரம் ஆறரைக்கு ஏற்றினோம். திரைச்சீலை கழற்றியாகிவிட்டது. அறைப் பக்கம் இருந்ததால் கையை விட்டு ஏற்ற எவ்வளவோ சுலபம், போன வருடம் கம்பிக்குள் கையை நுழைத்துத் தீக்குச்சியோடு பட்ட பாடு இல்லை. எட்டு மணிக்குக் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சுடருக்கும் கண்ணாடிக்கும் இப்போது 15 செ.மீ. இருக்கிறது. கதவைத் திறந்து மூடினாலும் ஒன்றும் அசையவில்லை. வெளியே தூறலும் மஞ்சும், சாலையில் நின்று பார்த்தால் ஒன்பது சுடரும் மஞ்சுக்குள் பெரிசாகத் தெரிந்தன.

ஏழு விளக்கு பத்தரை வரைக்கும் எரிந்து தானாக அடங்கின. இடது ஓரத்தில் மேலும் நடுவிலும் இருந்த இரண்டு மட்டும் ஒன்பது மணிக்கே அணைந்துவிட்டன. தண்ணீர் வைத்துப் பார்த்தேன், சாய்வு இல்லை. கண்ணாடிக் கதவின் அந்த ஓரத்தில் விரல் வைத்தால் காற்று வருகிறது, சட்டம் வளைந்திருக்கிறது போல. என் டம்ளர் 6 செ.மீ. உயரம். உயரமான டம்ளர் போட்டால் நிற்குமா?

கிரில் மணி

9 செ.மீ. டம்ளர் போடுங்கள், சுடர் உள்ளேயே அடங்கியிருக்கும், காற்று தொடாது.

மெழுகு வள்ளி

மணி அண்ணா, அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே குறுகலான வாயோடு உயரம் மட்டும் கூடினால் உள்ளே நல்ல காற்று இறங்காது, சுடர் சுருங்கிக் கரி கக்கும், கண்ணாடியும் அதிகம் சூடாகும். உயரம் கூட்டினால் வாயும் அகலமாக வேண்டும், அப்போது மூடிக்குள் டம்ளர் உட்காராது. சட்டத்தின் சந்தை ஒரு துணிப் பட்டையால் அடைப்பதுதான் முதல் வேலை.

கிரில் மணி

துணி வேண்டாம் அம்மா, விளக்குக்குப் பக்கத்தில் துணியா. சந்துக்கு மக்கு வைக்கலாம். ஆனால் திறந்து மூடுகிற கதவு, அதுவும் நிற்காது. கலா அம்மா, ஒரே ஒரு தாங்கியில் மட்டும் 9 செ.மீ. டம்ளர் வைத்து ஒரு ராத்திரி பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் எத்தனை மணிக்குக் கறுக்கிறது என்று எழுதுங்கள்.

குன்னூர் கலா

ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்க்கிறேன் அண்ணா. இடது ஓரத்தில் 9, அதற்கு அடுத்த கம்பியில் பழைய 6, இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுகிறேன்.